வேலைக்குப் போற அம்மாவுக்கு எது செட் ஆகும்: டிபனா, முறுக்கா, பொடியா?

"அக்கா, நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். காலைல 9ல இருந்து சாயந்திரம் 6.30 வரைக்கும் ஆபீஸ், சனிக்கிழமையும் உண்டு. பசங்க ரெண்டு பேர், ஒண்ணு மூணாவது, ஒண்ணு யூகேஜி. வேலைய விடாம வீட்ல இருந்தே டிபனோ ஸ்நாக்ஸோ பண்ணி விக்கலாம்னு ஆசை. சாப்பிட்டவங்க எல்லாரும் எல்லாமே நல்லாருக்குன்னு சொல்றாங்க, அதனாலயே எதை எடுக்கறதுன்னு தெரியல. சொல்லுங்க."

பொடி எடுங்க. அதுலயும் பத்து வகை வேண்டாம், ரெண்டே ரெண்டு, பருப்பு பொடியும் கொள்ளு பொடியும், ஸ்கூல் போற பசங்களுக்கு லஞ்ச் கட்டற அம்மாக்களுக்கு மட்டும். ஏன் இவ்ளோ குறுக்கி சொல்றேன்னா உங்ககிட்ட இருக்கறது ஞாயித்துக்கிழமை ஒண்ணுதான், அதுலயும் துணி துவைக்கணும், பசங்கள பாக்கணும், மிஞ்சினா அஞ்சு மணி நேரம் கிடைக்கும். எது நல்லா சமைப்பீங்கன்னு யோசிச்சா முடிவே வராது. அந்த அஞ்சு மணி நேரத்துல என்ன செஞ்சு வச்சா அடுத்த ஞாயிறு வரைக்கும் கெடாம நிக்கும், மணிக்கு எவ்ளோ கையில மிஞ்சும்னு கேட்டா தானா முடிவு வந்துரும்.

நீங்க அக்கவுண்ட்ஸ்ங்கறதால கணக்காவே போட்டுரலாம். நான் போடற விலையெல்லாம் ஒரு தோராயம்தான், உங்க கடை விலைய போட்டு மாத்திக்கோங்க, முறைதான் முக்கியம்.

முதல்ல எல்லாரும் ஆசைப்படற காலை டிபன், லஞ்ச் பாக்ஸ். 10 டப்பா, டப்பா 80 ரூபான்னு வைங்க, அரிசி பருப்பு காய் எண்ணெய் பேக்கிங் எல்லாம் சேர்த்து டப்பாவுக்கு 45 போச்சுன்னா மிஞ்சறது 35, பத்துக்கு 350. முந்தின நாள் ராத்திரி காய் நறுக்க, ஊற வைக்க ஒரு மணி நேரம், காலைல நாலரைல இருந்து ஏழரை வரைக்கும் மூணு மணி நேரம், ஆக நாலு மணி நேரத்துக்கு 350, மணிக்கு 90 ரூபா கூட வரல, கொண்டு போய் குடுக்கற பெட்ரோல் இன்னும் சேர்க்கல. அத விட பெரிய விஷயம், சின்னவனுக்கு காய்ச்சல்னா ஆபீசுக்கு லீவ் போடலாம், பத்து டப்பாக்காரங்களுக்கு லீவ் சொல்ல முடியாது, ரெண்டு தடவ சொன்னீங்கன்னா வேற ஆள பாத்துப்பாங்க. வீட்ல மாமியாரோ அம்மாவோ கூட நின்னு செய்யறாங்கன்னா இந்த கணக்கே வேற, தனியா செய்யறவங்களுக்கு இது ஆகாது.

முறுக்கு பாக்க லாபமா தெரியும். 800 கிராம் அரிசி மாவு, 200 கிராம் உளுந்து மாவு, வெண்ணெய், எள்ளு, ஓமம் எல்லாம் போட்டு சுட்டா சுமார் 1.4 கிலோ வரும், ஏன்னா முறுக்கு எண்ணெய குடிக்கும், கிலோ மாவுக்கு அரை லிட்டர் பக்கமா உள்ள போயிரும். மாவு, எண்ணெய், கேஸ்னு 213 ரூபா, 200 கிராம் பாக்கெட் ஏழுக்கு கவர் லேபிள் 8 ரூபா வீதம் 56, மொத்தம் 269. பாக்கெட் 80ன்னு வித்தா 560, மிஞ்சறது 290 பக்கம். ஆனா வீட்டு கடாய்ல ஒரு ஈடுக்கு நாலஞ்சு முறுக்குதான் விழும், சலசலப்பு அடங்கற வரைக்கும் அங்கேயேதான் நிக்கணும், பிசைஞ்சு புழிஞ்சு சுட்டு ஆறவச்சு பாக்கெட் போட ரெண்டு மணி நேரம் ஆகுது. மணிக்கு 145. உடைஞ்சது விக்காது, மிச்ச எண்ணெய திரும்ப திரும்ப காய்ச்சவும் கூடாது. கடாய் பக்கத்துல யூகேஜி பையன் ஓடிட்டு இருப்பான்ங்கறத நான் சொல்ல வேண்டியதில்ல.

இட்லி மாவு பத்தி கேப்பீங்க. ஞாயித்துக்கிழமை ஆட்டின மாவு ஃப்ரிட்ஜ்ல இருந்தாலும் புதன் வியாழன்ல புளிச்சிரும், தெருவுக்கு தெரு மாவுக்கடை வேற இருக்கு, அவங்க விலைக்கு நீங்க இறங்க முடியாது. விட்ருங்க.

இப்ப பொடி. ஒரு கிலோ பருப்பு பொடிக்கு துவரம்பருப்பு 500 கிராம் 80 ரூபா, பொட்டுக்கடலை 300 கிராம் 36, வரமிளகாய் 60 கிராம் 15, மிளகு 20 கிராம் 18, சீரகம் 20 கிராம் 7, பூண்டு 80 கிராம் 16, கருவேப்பிலை, பெருங்காயம், உப்புக்கு 13, ஆக 185. வறுக்கறப்ப ஈரம் போகும், மிக்சில கொஞ்சம் ஒட்டும், சல்லடைல கொஞ்சம் போகும், கையில வர்றது 920 கிராம் பக்கம்தான், அதனால 100 கிராம் பாக்கெட் பத்துன்னு கணக்கு போடாதீங்க, ஒம்பதுன்னு போடுங்க. கவர் லேபிள் 72, அடுப்பு மிக்சி செலவு 15. மொத்தம் 272, ஒரு பாக்கெட் அடக்கம் 30 ரூபா. 65க்கு வித்தா 35 நிக்கும். மூணு கிலோ செஞ்சா 27 பாக்கெட், 945 ரூபா. சுத்தம் பண்ண, வறுக்க, அரைக்க, எடை போட்டு ஒட்ட நாலு மணி நேரம், கொண்டு போய் குடுக்க ஒரு மணி நேரம்னு வச்சாலும் மணிக்கு 190 கிட்ட வருது. நடுவுல ஆறவைக்கற நேரத்துக்கு நீங்க நிக்கவே வேண்டாம், துணி காயப் போடலாம். ரெண்டு கிலோவோட நிறுத்திட்டு அடுத்த வாரம் பாத்துக்கலாம்னாலும் எதுவும் கெடாது, டிபன்ல இது முடியாது.

சரி, பொடின்னு முடிவாச்சு. ஆனா பொடின்னு மட்டும் சொன்னா போதாது, கடைல ஐம்பது வகை தொங்குது. எந்த பொடி, யாருக்குன்னு பிரிக்கறதுக்கு நான் பாக்கறது ஒரே விஷயம், அந்த 100 கிராம் ஒரு வீட்ல எத்தன நாள்ல தீரும்? புளியோதரை பொடி வாசனையா இருக்கும், வாங்கறவங்க ஆகா ஓகோம்பாங்க, மாசத்துக்கு ஒரு தடவதான் கிளறுவாங்க, அடுத்த ஆர்டர் மூணு மாசம் கழிச்சு வரும். பருப்பு பொடி அப்படி இல்ல. ஒரு பையனுக்கு ரெண்டு டீஸ்பூன், சுமார் 10 கிராம், நெய் விட்டு பிசைஞ்சு டப்பால வச்சா முடிஞ்சுது. வாரத்துக்கு ரெண்டு தடவ, ரெண்டு பசங்கன்னா வாரம் 40 கிராம், ரெண்டரை வாரத்துல பாக்கெட் காலி, அப்பப்ப பெரியவங்களும் சோத்துல போட்டுக்கிட்டா ரெண்டே வாரம். கொள்ளு பொடியும் நம்ம கொங்கு பக்கம் அதே மாதிரி வாரா வாரம் இலைல வர்ற சாமான், சளி பிடிச்ச வீட்ல இன்னும் வேகமா தீரும். ரெண்டு வாரத்துக்கு ஒரு பாக்கெட்னா, வாரம் 9 பாக்கெட் ஓடணும்னா 18 வீடு போதும், 27 பாக்கெட்னா 54 வீடு. 18 வீடு உங்க ஆபீஸ்லயும் ஸ்கூல் வேன் நிக்கற இடத்துலயுமே இருக்கும். அதனாலதான் ஒரு கிலோவுல ஆரம்பிங்கன்னு சொல்றேன், மூணு கிலோவுக்கு இப்ப ஆள் இல்ல.

யாருக்குங்கறது தெரிஞ்சா காரமும் தானா முடிவாயிரும். மேல போட்டது பெரியவங்க அளவு. யூகேஜி பையன் சாப்பிடணும்னா மிளகாய 25 கிராமா குறைச்சு, மிளகையும் பாதியாக்கி, பொட்டுக்கடலைய கொஞ்சம் ஏத்துங்க, இன்னும் நைசா அரைங்க, திப்பி நாக்குல தட்டுப்பட்டா குழந்தை துப்பிரும். கடை பொடி எல்லாம் பெரியவங்க காரத்துல இருக்கறதாலதான் இந்த இடம் காலியா கிடக்கு. வேற கூட்டமும் திருப்பூர்ல இருக்கு, மதுரை தேனி பக்கத்துல இருந்து வந்து ரூம் எடுத்து தங்கியிருக்கற பசங்க, சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் சாமான் வாங்கறவங்க. அவங்களுக்கு காரம் தூக்கலா வேணும், விலை கம்மியா வேணும், கால் கிலோ பாக்கெட் வேணும், ரூம் மாறிட்டே இருப்பாங்க. தப்பில்ல, ஆனா ஒரே நேரத்துல ரெண்டு கூட்டத்துக்கும் செய்ய கிளம்பினீங்கன்னா ரெண்டு காரம், ரெண்டு சைஸ், ரெண்டு லேபிள்னு ஞாயித்துக்கிழமை போயிரும். உங்கள மாதிரியே காலைல ஏழரைக்குள்ள டப்பா கட்டறவங்க கஷ்டம் உங்களுக்கு சொல்லாமலே தெரியும், அவங்கள புடிங்க.

இனி செய்முறைல கெடறது எங்கன்னு சொல்றேன், பொடி தொழில்ல பணம் போறது இங்கதான். பொடிக்கு எதிரி ஈரம். பருப்ப கழுவினா ஒரு நாள் முழுக்க நல்ல வெயில்ல காயணும், முடியாதுன்னா கழுவாம ஈரத்துணில துடைச்சு வறுங்க. ஒவ்வொண்ணும் தனித்தனியா வறுக்கணும், துவரம்பருப்பு சிவக்கற நேரத்துல சீரகம் கருகிரும். பருப்பு சிவந்துருச்சுன்னு கண்ணால பாத்து இறக்காதீங்க, மேல சிவந்து உள்ள பச்சையா இருக்கும், ஒண்ண எடுத்து ஆறவிட்டு கடிச்சா கடக்குனு உடையணும், பல்லுல ஒட்டினா இன்னும் வேணும். பொட்டுக்கடலை ஏற்கனவே வறுத்தது, சூடு ஏறினா போதும். கருவேப்பிலையும் பூண்டும்தான் பெரிய வில்லன், கருவேப்பிலை கையில நொறுங்கற வரைக்கும், பூண்ட தட்டிப் போட்டு மொறுமொறுன்னு ஆகற வரைக்கும் சின்ன தீயில வறுக்கணும், ரெண்டுல எது மெத்துனு இருந்தாலும் ரெண்டு வாரத்துல பொடி கட்டி கட்டி பூசண வாடை வரும். கல்லுப்பையும் வெறும் கடாய்ல வெடிக்கறது அடங்கற வரைக்கும் வறுத்துக்கோங்க, அதுலயும் ஈரம் இருக்கு.

எல்லாம் முழுசா ஆறினதுக்கு அப்புறம்தான் மிக்சி. அவசரப்பட்டு வெதுவெதுன்னு போட்டா ஆவி ஜார் மூடில வேர்த்து பொடிலயே சொட்டும். தொடர்ந்து ஓட்டாம விட்டு விட்டு ஓட்டுங்க, ஜார் சூடானா வாசனை பறந்துரும். அரைச்சதும் உடனே கவர்ல அடைக்காதீங்க, அகல தட்டுல பரப்பி ஒரு மணி நேரம் விடுங்க, ஃபேன் போட வேண்டாம், பொடியும் பறக்கும் தூசியும் விழும். எள்ளு, வேர்க்கடலை, கொப்பரை இது மூணும் இப்ப சேர்க்காதீங்க, ருசி கூடும்தான், ஆனா எண்ணெய் வித்து சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அதுலயும் கொப்பரை தான் முதல்ல போகும்.

எத்தன நாள் தாங்கும்னு நீங்களே கண்டுபிடிக்கணும், யாரோ சொன்ன மூணு மாசத்த லேபிள்ல போடாதீங்க. விக்கற அதே கவர்ல ஆறு பாக்கெட் எடுத்து தேதி எழுதி சமையக்கட்டு அலமாரில, அடுப்பு சூடு படற இடத்துல வைங்க, ஃப்ரிட்ஜ்ல இல்ல, வாங்கறவங்க அங்கதான் வைப்பாங்க. பத்து நாளைக்கு ஒண்ணு பிரிங்க. கட்டி இருக்கா, வாசனை மங்கியிருக்கா, வண்டு தெரியுதா, சூடு சோத்துல போட்டு சாப்பிட்டா தொண்டைல ஒரு கசப்பு நிக்குதான்னு பாருங்க. 60 நாள் நல்லா இருந்துச்சுன்னா லேபிள்ல 30 நாள்னு போடுங்க, ஏன்னா அவங்க ஈர ஸ்பூன் போடுவாங்க, கவர மூடாம வைப்பாங்க. இந்த சோதனை முடிய ரெண்டு மாசம் ஆகுமேன்னு காத்திருக்க வேண்டாம், 15 நாள் தேதியோட ஆரம்பிங்க, சோதனை நகர நகர தேதிய ஏத்திக்கலாம். மழைக்காலத்துல ஒரு தடவ திரும்ப சோதிச்சுருங்க.

விக்கறதுக்கு முன்னாடி மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐல பதிவு வேணும், வீட்ல செஞ்சாலும் வேணும். foscos.fssai.gov.in போய் நீங்களே பண்ணலாம், சின்ன அளவு வியாபாரத்துக்கு அடிப்படை பதிவு போதும், போட்டோ, அடையாள அட்டை, முகவரி சான்று ரெடியா வைங்க. ஏஜெண்ட் ஆயிரக்கணக்குல கேட்டா அது அவர் கூலி, கவர்மெண்ட் ஃபீஸ் அவ்ளோ இல்ல. வர்ற 14 இலக்க நம்பர லேபிள்ல போடணும், கூடவே பேர், சேர்மானம் அதிகத்துல இருந்து கம்மிக்கு, எடை, செஞ்ச தேதி, கடைசி தேதி, பேட்ச் நம்பர், வரியோட சேர்த்த விலை, உங்க முகவரி, போன், சைவத்துக்கான பச்சை புள்ளி. ஒண்ணு நிறைய பேர் கவனிக்கறதில்ல, கடைல வாங்கற கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் மைதா கலந்திருக்கும், டப்பா பின்னாடி பாருங்க, இருந்தா கோதுமை இருக்குன்னு உங்க லேபிள்லயும் சொல்லணும், கோதுமை ஒத்துக்காத குழந்தைங்க இருக்காங்க.

அடுப்பு விஷயம், 14.2 கிலோ வீட்டு சிலிண்டர வியாபாரத்துக்கு எரிக்க கூடாது. ஒரு கிலோ ரெண்டு கிலோ வறுக்க இண்டக்‌ஷன் அடுப்பே போதும், அடி கனமான பாத்திரமா பாத்து வாங்கினா சூடும் ஒரே சீரா இருக்கும். வளர்ந்ததுக்கு அப்புறம் கமர்ஷியல் சிலிண்டர் பாத்துக்கலாம். அப்புறம் உங்க அப்பாயின்மெண்ட் ஆர்டர ஒரு தடவ படிங்க, வேற தொழில் பண்ண கூடாதுன்னு வரி இருந்தா முதலாளிகிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டுருங்க. இத படிக்கற யாராவது அரசு வேலைல இருந்தா உங்களுக்கு நடத்தை விதிப்படி அனுமதி வாங்காம ஆகாது.

முதல் ஈட்டுல இலவச சாம்பிள் குடுக்காதீங்க. ஓசில வாங்கினவங்க எல்லாரும் சூப்பர்னுதான் சொல்வாங்க, உங்களுக்கு ஏற்கனவே நடக்கறது அதானே. 50 கிராம் பாக்கெட் போட்டு 35 ரூபான்னு காசுக்கு குடுங்க, 18 பேர் லிஸ்ட் எழுதுங்க, யார் யாருக்கு எந்த தேதின்னு. அப்புறம் மூணு வாரம் நீங்களா கேக்காதீங்க, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் கூட வேண்டாம். தானா வந்து தீந்துருச்சு இருக்கான்னு கேட்டவங்கள மட்டும் எண்ணுங்க. ஏழெட்டு பேர் கேட்டா கை வச்ச இடம் சரி, 100 கிராமுக்கு போங்க. ரெண்டு மூணு பேர்தான்னா கேக்காதவங்ககிட்ட பாக்கெட்ல இன்னும் எவ்ளோ இருக்குன்னு விசாரிங்க, நல்லாருந்துச்சான்னு கேக்காதீங்க. முக்கால்வாசி அப்படியே இருக்குன்னா குழந்தை சாப்பிடல, காரத்தையோ நைசையோ மாத்துங்க. பாக்கெட் காலி, ஆனா திரும்ப கேக்கலன்னா விலை இடிக்குது, இல்ல உங்கள புடிக்கறது கஷ்டமா இருக்கு, அதுக்கு வாரத்துல ஒரே நாள், திங்கக்கிழமை காலைன்னு வச்சு ஞாயிறு மதியத்துக்குள்ள ஆர்டர்னு சொல்லிருங்க.

இது நல்லா போயிட்டு இருக்கறப்பவே தீபாவளிக்கு அஞ்சு கிலோ முறுக்கு, மூணு கிலோ அதிரசம்னு கேக்க ஆரம்பிப்பாங்க, அதுவும் பொடி வாங்கற அதே அக்காங்க, மறுக்க வாய் வராது. அஞ்சு கிலோ முறுக்குன்னா வீட்டு கடாய்ல ஏழு மணி நேரத்துக்கு மேல, அந்த வாரம்தான் ஆபீஸ்ல போனஸ் கணக்கும் உங்க தலைல இருக்கும். வேணும்னா அந்த வாரத்துக்கு கொள்ளு பொடிய நிறுத்திட்டு பருப்பு பொடிய மட்டும் அரை கிலோ பாக்கெட்டா முன்பணம் வாங்கி குடுங்க, தீபாவளி பலகாரம் தின்னு வயிறு மந்தமான வீட்ல அடுத்த நாள் ரசமும் பருப்பு பொடியும்தான் ஓடும்.